பள்ளிக் கூரையில் சோலார்: வாரியத்துக்குப் போகும் குறிப்பைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

பாயான் பொருளாளர்

வணக்கம். பினாங்குத் தீவில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய தனியார் பள்ளிக்குப் பொருளாளராக இருக்கிறேன். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. கரண்ட் பில் மாதம் சராசரியாக 3,600 வெள்ளி வருகிறது, அதனால் கூரையில் சோலார் போடலாம் என்று வாரியத்தில் பேச்சு. நான்தான் மூலதனக் குறிப்பு எழுத வேண்டும். ஒரு நிறுவனம் 50 கிலோவாட்டுக்கு 160,000 வெள்ளி என்று விலை கொடுத்திருக்கிறது. அவர்கள் தாளில் நான்கே முக்கால் ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும், 25 ஆண்டில் 1.49 மில்லியன் சேமிப்பு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய எழுத்தைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அதனால் நானே எக்செல்லில் நிகர நிகழ்கால மதிப்பு போட்டுப் பார்த்தேன், அதாவது இனி வரும் சேமிப்பையெல்லாம் இன்றைய மதிப்புக்கு மாற்றிச் செலவைக் கழித்தால் மிஞ்சுவது. ஆண்டு உற்பத்தி 62,500 யூனிட், யூனிட் 50 சென், ஆகச் சேமிப்பு ஆண்டுக்கு 31,250 வெள்ளி. 20 ஆண்டு, கழிவு வீதம் 6 விழுக்காடு. விடை 187,200 வெள்ளி. இதை அப்படியே வாரியத்துக்கு அனுப்பலாமா? கூட்டத்துக்கு இன்னும் 2 வாரம் இருக்கிறது.

சும்மா வந்தவன்

அண்ணே இவ்வளவு கணக்கு எதற்கு? நான் பூச்சோங் வீட்டில் 2023இல் போட்டேன், பில் 400 வெள்ளியிலிருந்து 60 வெள்ளிக்கு வந்துவிட்டது. பகலில் வீட்டில் ஆளே இல்லை, எல்லாம் வெளியே போகிறது, இரவில் ஏர்கோண்ட் ஓட்டுகிறோம், ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கும் அதேதான். கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்.

கணக்குப்பிள்ளை

சும்மா வந்தவன் தம்பி, உங்களுக்கு அது சரி, ஏனென்றால் நீங்கள் நெம் 3.0 என்ற பழைய திட்டத்தில் ஏறியவர். ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் கழியும், 10 ஆண்டுக்கு. அந்தக் கதவு 2025 ஜூன் 30ஆம் தேதியோடு மூடிவிட்டது. இப்போது வருபவர்களுக்கு சோலார் அத்தாப் என்ற திட்டம்தான். வீடல்லாத கட்டடம் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு மொத்தச் சந்தை விலைதான், அதாவது நீங்கள் வாங்கும் விலையில் பாதிகூட இல்லை. அந்த மாத பில்லில் கழியாத மிச்சம் அடுத்த மாதத்துக்கு வருவதும் இல்லை. பொருளாளர் ஐயாவின் பள்ளி இதில்தான் வரும்.

ஐயா, உங்கள் குறிப்பில் இரண்டு தப்பு. ஒன்று சின்னது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் கொடுத்த எண்களை வைத்து நான் போட்டால் 198,400 வருகிறது, உங்களுக்கு 187,200. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சரியாக 1.06. அப்படியென்றால் முதல் நாள் செலவையும் சூத்திரத்துக்குள் வைத்துவிட்டீர்கள். எக்செல்லின் NPV தனக்குள் வரும் முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வருவதாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் இப்படி எழுதியிருப்பீர்கள்:

```
=NPV(6%,C2:C22)
```

இப்படி இருக்க வேண்டும்:

```
=C2+NPV(6%,C3:C22)
```

C2இல் கழித்தல் குறியோடு 160,000, C3 முதல் C22 வரை 20 ஆண்டு வரவு. நான் வேலை பார்த்த இடத்தில் பெரிய பெரிய மேலாளர்களே இதில் விழுந்திருக்கிறார்கள், வெட்கப்பட வேண்டாம்.

இரண்டாவதுதான் பெரியது. 62,500 யூனிட்டையும் 50 சென்னில் பெருக்கியிருக்கிறீர்கள். உற்பத்தி சரிதான், பினாங்கில் ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,250 யூனிட் நியாயமான எண். ஆனால் 50 சென் என்பது நீங்கள் டிஎன்பியிடம் வாங்காமல் விட்ட யூனிட்டுக்கு மட்டும்தான். சனி, ஞாயிறு, பொது விடுமுறை, ஆண்டு இறுதி விடுமுறை எல்லாவற்றிலும் வெயில் அடிக்கும், பள்ளியில் ஆள் இருக்காது. அன்றைக்குத் தயாராகும் மின்சாரம் கம்பி வழியாக வெளியே போகும், அதற்கு 20 சென் போலத்தான் கிடைக்கும். ஒரு தொழிற்சாலைக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை, வாரம் ஆறு நாள் ஓடும். பள்ளிக்கு இதுதான் கணக்கே.

எத்தனை யூனிட் உள்ளே, எத்தனை வெளியே என்று எப்படித் தெரியும்? பில்லைப் பார்த்தால் தெரியாது. ஆள் வைத்து மீட்டர் படியுங்கள். சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஒரு தடவை, மாலை 7 மணிக்கு ஒரு தடவை. பள்ளி நாளில் காலை 7:30, மாலை 3:30. ஒரு வாரம் போதும். அந்த எண்களோடு வாருங்கள்.

சூரியமூர்த்தி

கணக்குப்பிள்ளை சொன்னது நூற்றுக்கு நூறு. அப்புறம் என்ன, வெளியே போவது வீண், 30 கிலோவாட் போதும். நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான், வெளியே போகும் பங்கு 30 விழுக்காட்டைத் தாண்டினால் அமைப்பு பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, பசுமை முதலீட்டு வரிச்சலுகை இருக்கிறதே, அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதைச் சேர்த்தால் செலவில் ஒரு பகுதி திரும்பி வரும்.

கணக்குப்பிள்ளை

வரிச்சலுகை வரி கட்டுபவருக்கு. அறக்கட்டளை வருமான வரி கட்டுகிறதா? கட்டவில்லையென்றால் எதில் கழிப்பது? கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் தாளில் அந்த வரிச்சலுகை எப்போதும் இருக்கும், ஏனென்றால் அது தொழிற்சாலைக்காக எழுதிய தாள், பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். 30 விழுக்காடு விதிக்கு அப்புறம் வருகிறேன், அது கேட்க நன்றாக இருக்கிறது.

ஜூரு டீச்சர்

எங்கள் தமிழ்ப்பள்ளியிலும் பெற்றோர் சங்கம் இதே யோசனையோடு வந்தது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் கூப்பிட்டார்கள். நன்கொடை திரட்டிப் போட்டால் மாதம் இவ்வளவு மிச்சம், அதில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கலாம் என்றார்கள். நான் ஒரே கேள்விதான் கேட்டேன், பில் யார் கட்டுகிறார்கள்? அரசாங்கப் பணத்தில் கட்டுகிறோம். அப்படியென்றால் மிச்சம் யாருக்கு? பெற்றோர் பையிலிருந்து 100,000 வெள்ளி போகும், குறைவது அமைச்சின் செலவு. யாரும் பதில் சொல்லவில்லை, டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். தம்பி, உங்கள் பள்ளியில் பில்லை நீங்களே கட்டுகிறீர்களா என்று முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பாயான் பொருளாளர்

டீச்சர், நாங்களேதான் கட்டுகிறோம், அரசாங்கப் பணம் ஒரு காசும் இல்லை. ஆனால் நல்ல கேள்வி. குறிப்பின் முதல் வரியாகவே போட்டுவிட்டேன்: பில் கட்டுவது அறக்கட்டளை, சேமிப்பும் அறக்கட்டளைக்கே.

எக்செல் தப்பு உண்மைதான், திருத்திவிட்டேன். வரிச்சலுகையும் இல்லை, நாங்கள் வரி விலக்குப் பெற்றவர்கள்.

மீட்டர் கதை. எங்கள் ஜாகாவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன், மனிதர் கேட்டதற்கு மேலேயே எழுதிவிட்டார், மழை பெய்த நேரம்கூட இருக்கிறது. பள்ளி நாளில் 7:30 முதல் 3:30 வரை ஏறக்குறைய 350 யூனிட். சனிக்கிழமை காலை 7 முதல் மாலை 7 வரை 35 யூனிட், அது சிற்றுண்டிச்சாலைக் குளிர்ப்பெட்டி, தண்ணீர்ப் பம்பு, அலுவலகத்து சர்வர். பள்ளி நடக்கும் நாள் ஆண்டுக்கு 190 என்று எடுத்தேன், மீதி 175.

கணக்குப்பிள்ளை

ஜாகாவுக்கு ஒரு தேநீர் என் கணக்கில்.

50 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரி 171 யூனிட் தரும். பள்ளி நாளில் உங்கள் தேவை 350, அதனால் 3:30 வரை வருவதெல்லாம் உள்ளேயே போய்விடும். அதற்குப் பிறகு வரும் வெயில் அன்றைய உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு போல, அதில் கொஞ்சம் குளிர்ப்பெட்டிக்கும் பம்புக்கும். ஆகவே பள்ளி நாளில் 140 உள்ளே. விடுமுறை நாளில் 171இல் 34 அல்லது 35தான் உள்ளே, மீதி வெளியே. ஆண்டுக்குக் கூட்டினால் உள்ளே 32,500, வெளியே 30,000. ஏறக்குறைய சரிபாதி.

அப்போது சேமிப்பு 16,250, வெளியே அனுப்பியதற்கு 6,000, மொத்தம் 22,250 வெள்ளி. கம்பெனித் தாளில் 31,250. அந்த 9,000 வெள்ளி வித்தியாசம் ஒவ்வோர் ஆண்டும்.

செலவுப் பக்கம் நீங்கள் எதுவுமே போடவில்லை. கழுவுவது, பரிசோதனை, காப்புறுதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 2,750 வையுங்கள். பறவை எச்சம் மழையில் போய்விடும் என்று சொல்வார்கள், போகாது. இன்வர்ட்டர் 20 ஆண்டு ஓடாது, 12ஆம் ஆண்டில் மாற்ற 15,000, இன்றைய மதிப்பில் 7,450.

நிகர வரவு 19,500. 20 ஆண்டுக்கு 6 விழுக்காட்டில் பெருக்கும் எண் 11.47, ஆக 223,700. அதில் 160,000உம் 7,450உம் போனால் 56,200 வெள்ளி. 198,400இலிருந்து இங்கே வந்துவிட்டோம். இன்னும் கூட்டல்தான், அதனால் திட்டம் சாகவில்லை, ஆனால் வேறு திட்டம்.

கட்டண உயர்வைச் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். கம்பெனிக்காரர் ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறும் என்று வைத்திருக்கிறார், 1.49 மில்லியன் அதிலிருந்துதான் வருகிறது. தீபகற்பத்தின் சராசரி அடிப்படைக் கட்டணம் 2014 ஜனவரியில் 38.53 சென், 2025 ஜூலையில் 45.40 சென். பதினொன்றரை ஆண்டில் ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காடுகூட இல்லை. இடையிடையே எரிபொருள் கூடுதல் கட்டணம் வந்து போனது வேறு கதை. தகடுகளும் ஆண்டுக்கு அரை விழுக்காடு போலத் தளரும், பராமரிப்புக் கூலியும் ஏறும். இதெல்லாம் ஒன்றை ஒன்று ஏறக்குறைய தின்றுவிடும் என்று சமமாகவே வைத்தேன். கொஞ்சம் கறாரான கணக்குதான், தெரிந்தே வைத்திருக்கிறேன். 6 விழுக்காடு ஏன் என்று வாரியத்தில் கேட்டால், நிரந்தர வைப்பு வட்டி அதில் பாதிதான் என்றாலும், இருபது ஆண்டு பூட்டிவைக்கும் பணத்துக்கும் வங்கியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் பணத்துக்கும் ஒரே வட்டி கேட்க முடியாது என்று சொல்லுங்கள்.

பிறை கூரைக்காரர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கூரை வேலை செய்கிறவன், சோலார் தகடு ஏற்றுவதற்கு முன் கூரை பார்க்க என்னைக் கூப்பிடுவார்கள். உங்கள் கூரை எத்தனை வயது ஐயா? ஜிங்க் கூரையா, ஓடா? யாருமே கேட்கவில்லையே.

பாயான் பொருளாளர்

ஜிங்க். கட்டி 22 ஆண்டு. நூலகத்துக்கு மேலே இரண்டு இடத்தில் ஒழுகி அடைத்தோம். கூரை முழுக்க மாற்ற 60,000 ஆகும் என்று பழைய விலைப்பட்டியல் ஒன்று இருக்கிறது, இன்னும் 8 ஆண்டு தாங்கும் என்று நினைத்து ஒத்திவைத்தோம்.

பிறை கூரைக்காரர்

அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். தகட்டை ஏற்றிவிட்டுக் கூரையை மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்றி இறக்கி, கீழே எங்காவது அடுக்கி, கூரை போட்டு, மறுபடி ஏற்றி, வயர் இழுத்து, சோதனை செய்ய வேண்டும். 50 கிலோவாட்டுக்கு 20,000 வெள்ளிக்குக் குறைந்து யாரும் கைவைக்க மாட்டார்கள், உடையும் தகடு உங்கள் தலையில். நான் எப்போதும் சொல்வது, முதலில் கூரை, அப்புறம் சோலார்.

சூரியமூர்த்தி

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கூரையையும் சேர்த்தால் 220,000 ஆகிவிடும், திட்டமே படுத்துவிடும். விட்டுவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை

கூரைக்காரர் அண்ணே, நல்ல வேளை வந்தீர்கள். எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

சூரியமூர்த்தி, 60,000ஐ அப்படியே சோலார் தலையில் கட்டக்கூடாது. சோலார் போட்டாலும் போடாவிட்டாலும் ஒழுகும் கூரையை மாற்றித்தான் ஆக வேண்டும். சோலாரால் மாறுவது எப்போது செலவழிக்கிறோம் என்பது மட்டும்.

இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, கூரையை இப்போதே மாற்றிவிடுவது. 8ஆம் ஆண்டில் செலவழிக்க வேண்டிய 60,000ஐ இன்றைக்கே செலவழிக்கிறோம். 8 ஆண்டு கழித்து வரும் 60,000இன் இன்றைய மதிப்பு 37,600தான். ஆகவே முன்னால் இழுத்ததற்கான விலை 22,400. இரண்டாவது வழி, இப்போது தகட்டை ஏற்றிவிட்டு 8ஆம் ஆண்டில் கழற்றி மாட்டுவது. 20,000 வெள்ளி, இன்றைய மதிப்பில் 12,550. ஆச்சரியமாக இருக்கிறதா? கூரை உண்மையிலேயே 8 ஆண்டு தாங்கினால் அண்ணன் சொன்னதற்கு நேர்மாறு, பிறகு கழற்றி மாட்டுவதே மலிவு.

ஆனால் 3 ஆண்டுதான் தாங்கும் என்றால்? முன்னால் இழுக்கும் விலை 9,600, கழற்றி மாட்டும் விலை 16,800. அப்போது அண்ணன் சொன்னதே சரி. இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 5 ஆண்டு. அதற்குள் போய்விடும் கூரை என்றால் முதலில் கூரை, தாண்டும் என்றால் முதலில் சோலார்.

எனவே குறிப்பில் இப்போதைக்கு 8 ஆண்டு என்று வைத்து 12,550 கழியுங்கள். 56,200 இப்போது 43,700.

பிறை கூரைக்காரர்

கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் 22 வயது ஜிங்க், கடல் காற்று, ஏற்கெனவே ஒழுகியது, அதன் மேல் தண்டவாளம் வைத்துத் திருகாணி அடிக்கப் போகிறீர்கள். 8 ஆண்டு என்று நீங்கள் எழுதுகிறீர்கள், திருகாணி எழுத மாட்டேன் என்கிறது. ஏறிப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அதோடு மரச்சட்டம் தாங்குமா என்று பொறியாளர் கையெழுத்தும் வேண்டும்.

ஜூரு டீச்சர்

கழற்றி மாட்டும்போது பள்ளி நடந்துகொண்டிருக்கும் என்றால் பிள்ளைகளை எங்கே வைப்பது? இதற்கும் ஏதாவது எண் இருக்கிறதா கணக்குப்பிள்ளை?

கணக்குப்பிள்ளை

இல்லை டீச்சர். ஆண்டு இறுதி விடுமுறையில் செய்ய வேண்டும் என்று குறிப்பில் ஒரு வரி எழுதலாம், அவ்வளவுதான். அப்போது மழை பெய்யலாம் என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

பாயான் பொருளாளர்

நேற்றிரவு தூக்கம் வராமல் சூரியமூர்த்தி சொன்ன 30 கிலோவாட்டையும் போட்டுப் பார்த்தேன். அதே கம்பெனி 105,000 சொல்கிறது. உற்பத்தி 37,500 யூனிட். உள்ளே 23,500, வெளியே 14,000. வரவு 14,550. பராமரிப்பு 2,200, இன்வர்ட்டர் 10,000, கழற்றி மாட்ட 14,000. எல்லாம் போட்டால் 22,900 வருகிறது.

அதாவது வெளியே போகும் பங்கு 48 விழுக்காட்டிலிருந்து 37க்குக் குறைந்தது, நிகர மதிப்பும் பாதியாகக் குறைந்துவிட்டது. எங்கேயோ தப்பு செய்திருக்கிறேனா?

சூரியமூர்த்தி

தப்பு இருக்கும். வீணாகப் போவது குறைந்தால் லாபம் கூடத்தான் வேண்டும்.

கணக்குப்பிள்ளை

தப்பு இல்லை, எனக்கும் அதே 22,900. சூரியமூர்த்தி, உங்கள் 30 விழுக்காடு விதி சதவீதத்தைப் பார்க்கிறது, வாரியத்தின் பணப்பெட்டி வெள்ளியைப் பார்க்கிறது. அமைப்பு சிறிதானால் சதவீதம் அழகாகும், அது உண்மை. ஆனால் கேட்க வேண்டியது, 30இல் நிறுத்தாமல் இன்னும் 20 கிலோவாட் போட்டால் அந்த 20 தன் செலவைத் தானே சம்பாதிக்கிறதா என்பது.

அந்த 20ஐ மட்டும் தனித் திட்டமாகப் பாருங்கள். விலை 55,000, ஏனென்றால் சாரம் கட்டுவது, விண்ணப்பம், வயர், ஆள் கூலி எல்லாம் முதல் 30இலேயே பாதி போய்விட்டது. தருவது 25,000 யூனிட். அதில் 9,000 உள்ளே, 16,000 வெளியே. நீங்கள் பயப்பட்டது சரி, மூன்றில் இரண்டு பங்கு வெளியேதான் போகிறது. இருந்தாலும் ஆண்டுக்கு 7,700 வெள்ளி வருகிறது. பராமரிப்பு, இன்வர்ட்டர், கூரை எல்லாம் கழித்தால் நிகர மதிப்பு 20,800 கூட்டல். அதுதான் 43,700க்கும் 22,900க்கும் உள்ள வித்தியாசம்.

இனி சூரியமூர்த்தியின் பயத்துக்கு ஒரு எண் கொடுப்போம். வெளியே போகும் யூனிட்டுக்கு 20 சென் இல்லாமல் எவ்வளவு குறைந்தால் அந்தக் கூடுதல் 20 கிலோவாட் நஷ்டமாகும்? 20,800ஐ 16,000 யூனிட்டுக்கும் 11.47க்கும் பங்கிட்டால் 11.3 சென். ஆகவே விலை 9 சென்னுக்கு வந்தால் சமம், அதற்குக் கீழே போனால் 30தான் சரி.

சூரியமூர்த்தி

சரி, சதவீதம் தப்பான அளவுகோல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 9 சென்னுக்குப் போகாது என்று யார் சொன்னது? எல்லாரும் கூரையில் தகடு போட்டால் நண்பகலில் மின்சாரம் குவியும், குவிந்தால் சந்தை விலை விழும். உங்கள் யூனிட் வெளியே போவது அதே நண்பகலில்தானே, அதுவும் சனி ஞாயிறில், அன்றைக்குத் தொழிற்சாலைகளும் பாதி மூடியிருக்கும். 20 ஆண்டுக்கு 20 சென் என்று எழுதுவது கம்பெனிக்காரர் 5 விழுக்காடு எழுதுவது மாதிரிதான்.

கணக்குப்பிள்ளை

இது நல்ல அடி, என்னிடம் நேரான பதில் இல்லை. ஒரு சோதனை மட்டும் செய்தேன். ஒப்பந்த வரைவு 10 ஆண்டுக்குத்தான் என்று பொருளாளர் தனியாக எழுதியிருந்தார், அதனால் 11ஆம் ஆண்டிலிருந்து வெளியே போவதற்கு ஒரு காசும் கிடையாது என்று வைத்தேன். 50 கிலோவாட் 19,000க்கு வருகிறது, 30 கிலோவாட் 11,400க்கு வருகிறது. இரண்டும் மெலிந்துவிடுகின்றன, ஆனாலும் பெரியது முன்னால்தான். ஆனால் முதல் சில ஆண்டுகளிலேயே விலை விழுந்தால் இந்தச் சோதனை காப்பாற்றாது. அதை வாரியம்தான் முடிவு செய்ய வேண்டும், எக்செல் முடிவு செய்யாது.

சும்மா வந்தவன்

வெளியே போவதை வீணாக்காமல் எல்லா வகுப்பிலும் ஏர்கோண்ட் போட்டுவிட்டால்? கரண்ட் சும்மாதானே வருகிறது.

கணக்குப்பிள்ளை

சும்மா இல்லை தம்பி. வெளியே விட்டிருந்தால் 20 சென் வந்திருக்கும், அதை விட்டுக்கொடுக்கிறீர்கள். அதோடு வெளியே போவது பெரும்பாலும் சனி ஞாயிறில், அன்றைக்கு ஏர்கோண்டில் உட்கார ஆள் வேண்டுமே. பிள்ளைகளுக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று போடுங்கள், நான் தடுக்கவில்லை, ஆனால் அதை சோலார் சேமிப்பில் எழுதாதீர்கள்.

பாயான் பொருளாளர்

திருத்திய குறிப்பு. நீளம் வேண்டாம், ஒரு பக்கத்துக்கு மேல் வாரியத்தில் யாரும் படிப்பதில்லை.

"பொருள்: பள்ளிக் கூரையில் 50 கிலோவாட் சோலார் அமைப்பு. மின்கட்டணத்தை அறக்கட்டளையே செலுத்துவதால் சேமிப்பு முழுவதும் அறக்கட்டளையைச் சேரும். வரிச்சலுகை பொருந்தாது.

மூலதனச் செலவு 160,000 வெள்ளி. ஆண்டு உற்பத்தி 62,500 யூனிட், அதில் பள்ளி பயன்படுத்துவது 32,500 (மீட்டர் அளவீட்டின்படி), வெளியே செல்வது 30,000. முன்னதன் மதிப்பு யூனிட்டுக்கு 50 சென், பின்னதற்கு 20 சென். பராமரிப்பு கழித்து ஆண்டு நிகர வரவு 19,500 வெள்ளி. 12ஆம் ஆண்டில் இன்வர்ட்டர் மாற்றம் 15,000, 8ஆம் ஆண்டில் கூரை மாற்றத்துக்காகக் கழற்றி மாட்டுதல் 20,000. 20 ஆண்டு, 6 விழுக்காடு: நிகர நிகழ்கால மதிப்பு 43,700 வெள்ளி. போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய 8 ஆண்டு, கூரைச் செலவு அதே சமயத்தில் வந்தால் 9ஐத் தாண்டும்.

மாற்று: 30 கிலோவாட், 105,000 வெள்ளி, நிகர மதிப்பு 22,900. வெளியே செல்லும் யூனிட்டின் விலை நீண்ட காலம் 9 சென்னுக்குக் கீழே இருக்கும் என்று வாரியம் கருதினால் இதுவே ஏற்றது.

விலை அளித்த நிறுவனத்தின் 1.49 மில்லியன் வெள்ளி என்ற எண், எல்லா யூனிட்டுக்கும் முழுக் கட்டணம், ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்வு, செலவே இல்லை என்ற அடிப்படையில் போடப்பட்டது, இன்றைய மதிப்புக்கு மாற்றப்படவில்லை."

சரியா?

கணக்குப்பிள்ளை

கூரை 8 ஆண்டு என்பது யாருடைய கணிப்பு என்று எழுதுங்கள். இப்போது படித்தால் அது ஏதோ உறுதியான எண் மாதிரி இருக்கிறது. 5 ஆண்டுக்குக் குறைந்தால் முதலில் கூரை என்பதையும் சேருங்கள், அப்போது வாரியம் ஒரே கூட்டத்தில் 220,000 வெள்ளிக்குக் கை தூக்க வேண்டியிருக்கும். நிகர மதிப்பு பெரிதாக மாறாது, ஆனால் வங்கியில் அவ்வளவு பணம் இருக்கிறதா?

பாயான் பொருளாளர்

இருக்கிறது, ஆனால் அதில் பாதி புதிய அறிவியல் கூடத்துக்கு ஒதுக்கியது. அதைச் சொன்னால் தலைமையாசிரியை என்னைக் கூரையில் ஏற்றிவிடுவார்.

கூரைக்காரர் அண்ணே, சனிக்கிழமை தீவுக்கு வர முடியுமா? பாலத்துச் சுங்கக் கட்டணம் நான் தருகிறேன். அதுவரை குறிப்பில் 8 என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

பிறை கூரைக்காரர்

வருகிறேன். காலை 8 மணிக்கே ஏறிவிட வேண்டும், வெயில் ஏறினால் ஜிங்க் மேல் கால் வைக்க முடியாது. ஜாகாவிடம் ஏணி இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள், நூலகத்து விட்டம் தெரிகிற மாதிரி சீலிங் ஒரு பலகையும் கழற்றி வையுங்கள்.